எல்லை தாண்டிய வேம்பு: திருமங்கலத்தில் ஒரு வேர்த் தகராறு

சித்திரை மாதக் கடைசியில், வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம் அவர் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். திருமங்கலத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பில் சொந்த வீடு. போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கைபேசியில் முப்பது, நாற்பது படங்கள் வைத்திருந்தார்: சாய்ந்த காம்பவுண்டுச் சுவர், குளியலறைக் குழாயிலிருந்து பிடுங்கிய வேர்க்கொத்து, படுக்கையறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து மேலே ஏறும் விரிசல்.

"சார், நாளைக்குக் காலையில ஜேசிபி வருது. எல்லையை ஒட்டி நம்ம பக்கம் நாலடி ஆழத்துக்கு ஒரு பள்ளம் இழுத்துட்டா வேர் பூராம் அத்துப்போயிரும். நம்ம இடத்துலதான வெட்டுறோம், யாரு கேட்க முடியும்? அப்புறம் நஷ்ட ஈட்டுக்கு ஒரு நோட்டீஸ் மட்டும் நீங்க விட்டுருங்க."

சட்டப்படி அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரிதான். அப்படியும் ஜேசிபியை நிறுத்தச் சொன்னேன். முதலில் வெட்டிவிட்டு அப்புறம் நஷ்ட ஈடு கேட்பது என்ற அந்த வரிசைதான் வேர்த் தகராறுகளில் பெரும்பாலானவர்கள் சறுக்குகிற இடம். அவருக்கு ஜேசிபியை ஏன் நிறுத்தினோம், அதற்குப் பிறகு என்னென்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மரத்துக்குச் சொந்தக்காரரை மேலவீட்டு அம்மா என்றும், என்னிடம் வந்தவரைக் கீழவீட்டுக்காரர் என்றும் குறிப்பிடுகிறேன்.

இடத்தின் அமைப்பு இதுதான். இரண்டு மனைகளும் கிழக்கு மேற்காக ஒட்டி இருக்கின்றன. மேற்கே இருக்கும் மேல் மனையில் ஓட்டு வீடு. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார். அவருடைய இடத்தில், பொது எல்லையிலிருந்து நான்கு அடி தள்ளி ஒரு வேப்பமரம். அவர் கணவர் வைத்தது, வயது நாற்பதுக்கு மேல். நெஞ்சு உயரத்தில் சுற்றளவு ஆறு அடி, அதாவது விட்டம் இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. கிழக்கே இருக்கும் கீழ் மனையில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு 2011ல் இவர் கான்கிரீட் வீடு கட்டினார். எல்லைக்கும் இவர் வீட்டின் மேற்குச் சுவரான மேல்சுவருக்கும் நடுவே ஆறு அடி சந்து. மண் கரிசல். இந்தத் தகராறில் மரத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு கரிசலுக்கும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

சட்டம் சொல்வதை முதலில் பார்த்துவிடலாம். பக்கத்து வீட்டு மரத்தின் கிளையோ வேரோ நம் நிலத்துக்குள் வந்தால், வந்த பகுதியை எல்லைக்கோடு வரை நாமே வெட்டலாம். இது எந்தச் சட்டப் பிரிவிலும் நேராக எழுதப்பட்டதில்லை. ஆங்கிலேயப் பொதுச்சட்டத்திலிருந்து வந்து, நம் நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்ட உரிமை. இதற்கு மூலமாக எல்லோரும் காட்டுவது 1894ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை முடித்த லெம்மன் – வெப் வழக்கு. பக்கத்து நிலத்துக்குள் கால் வைக்காமல் வெட்ட முடியுமானால், நீட்டி நிற்கும் கிளையை முன்னறிவிப்பு இல்லாமலே வெட்டலாம் என்று அதில் முடிவானது. அந்த மரங்கள் பல வருஷமாக அப்படித்தான் நின்றன என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை.

மேலவீட்டு அம்மாவின் முதல் வாதமும் அதுவேதான். "மரம் மொதல்ல இருந்துச்சு, வீடு பெறகுதான வந்துச்சு" என்றார். 1882ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி, வழிப்பாதை, வெளிச்சம் போன்றவற்றை இருபது வருஷம் தடையில்லாமல் அனுபவித்தால் உரிமை உண்டாகும். ஆனால் என் கிளை உன் நிலத்தின் மேல் தொங்கும் என்ற உரிமை அப்படி வளராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 19ம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே சொல்லிவிட்டது. காரணம் எளிது. கிளை ஒவ்வொரு வருஷமும் நீள்கிறது, இடம் மாறுகிறது. இன்றைக்கு இருக்கிற கிளை இருபது வருஷத்துக்கு முன்னால் இருந்த கிளை இல்லை. வேருக்கும் இதே நியாயம்தான். ஆக, மரம் முந்தியது என்பது அவருக்குக் கேடயம் ஆகாது. ஆனால் அந்த ஒரு தகவல் வேறொரு விதத்தில் கீழவீட்டுக்காரருக்கே எதிராகத் திரும்பியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வெட்டும் உரிமைக்கு மூன்று வரம்புகள் உண்டு. எல்லையைத் தாண்டி ஓர் அங்குலம்கூட உள்ளே போகக் கூடாது. அவருடைய மரத்தில் ஏணி சாத்துவதும், அவர் வளாகத்துக்குள் ஏறி இறங்குவதும் அத்துமீறல். வெட்டிய கிளையும் விறகும் காயும் மரத்துக்காரருடையவை. இந்த மூன்றாவதைப் பலரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நம் வீட்டு மாடியில் தொங்கும் முருங்கைக்காயானாலும் அது மரத்துக்காரர் காய்தான். வெட்டி விற்றுவிட்டால் திருட்டுப் புகார் வரை போகலாம்.

சரி, உரிமை இருக்கிறது, நம் இடத்தில்தான் வெட்டப்போகிறோம். பிறகு ஜேசிபியை ஏன் நிறுத்த வேண்டும்?

கிளையை வெட்டுவதும் வேரை வெட்டுவதும் ஒன்றல்ல. எல்லை மரத்திலிருந்து நான்கு அடியில் இருக்கிறது. மரம் பார்ப்பவர்கள் கைக்கணக்காக ஒன்று சொல்வார்கள்: அடிமரத்தின் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் ஒரு பக்கத்து வேரை முழுக்க வெட்டினால் மரம் நிற்பதே சந்தேகம். இந்த மரத்துக்கு அந்தத் தூரம் ஏறக்குறைய ஐந்தே முக்கால் அடி. அவர் பள்ளம் இழுக்க நினைத்தது நான்கடியில். அந்த இடத்தில் ஓடுவது தண்ணீர் தேடிப்போகும் நுனிவேர் இல்லை, மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் பெருவேர்.

அதோடு காற்றின் திசையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கிழக்குப் பக்கத்து வேர்தான் கிழக்கிலிருந்து காற்று அடிக்கும்போது கயிறு போல இழுத்துப் பிடிக்கிறது. அதை அறுத்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறியிருக்கும் நேரத்தில் வடகிழக்கிலிருந்து ஒரு பலத்த காற்று வந்தால் போதும். மரம் மேற்கே சாயும். மேற்கே பதினைந்து அடியில் அந்த அம்மாவின் ஓட்டு வீடு. உள்ளே அவர் மட்டும் தூங்கிக்கொண்டிருப்பார். இதைத் தாளில் படம் போட்டுக் காட்டியபோது கீழவீட்டுக்காரர் ரொம்ப நேரம் பேசவில்லை. 'என் நிலத்தில்தான் வெட்டினேன்' என்பது அப்படி ஒரு விபத்துக்கு முழுப் பதில் ஆகாது. விழும் என்று தெரிந்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தவர் அலட்சியத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது காரணம் வழக்குக்குரியது. வேரால் சேதம் என்று நஷ்ட ஈடு கேட்பவர், அந்தச் சேதத்தை அந்த வேர்தான் செய்தது என்று நிரூபிக்க வேண்டும். வேர் எங்கே இருந்தது, எவ்வளவு தடிமன், எதைத் தொட்டுக்கொண்டிருந்தது, மண் எப்படி இருந்தது என்பதெல்லாம் பூமிக்குள் இருக்கும் சாட்சி. ஜேசிபி வாளி ஒரே இழுப்பில் அத்தனையையும் குழப்பி மேட்டில் கொட்டிவிடும். பிறகு நீதிமன்றம் ஆணையரை அனுப்பினாலும் அவர் பார்க்கப்போவது மூடிய பள்ளத்தைத்தான். வெட்டுவதும் கேட்பதும் இரண்டுமே அவர் உரிமைதான். ஆனால் வெட்டுவது முந்திக்கொண்டால் கேட்பதற்கு ஆதாரம் இருக்காது.

அதனால் முதல் வேலையாக அளக்கச் சொன்னேன். புலப்பட வரைபடம், அதாவது எல்லோரும் எப்.எம்.பி. என்று சொல்வது, பட்டா இரண்டையும் எடுத்து, கட்டணம் கட்டி, தாலுகா சர்வேயரை வைத்து இரு தரப்பையும் நிறுத்தி எல்லை பார்த்தோம். இதை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். இந்த விஷயத்தில் சுவரை எல்லை என்று நினைத்து இரு வீட்டாரும் பதினைந்து வருஷத்தை ஓட்டியிருந்தார்கள். அளந்து பார்த்தால் கீழவீட்டுக்காரர் கட்டிய காம்பவுண்டு, தென்கோடியில் நான்கு அங்குலம் மேலவீட்டு நிலத்துக்குள் இருந்தது. வேர் தள்ளிச் சாய்ந்ததும் அந்தத் தென்பகுதிச் சுவர்தான். வேருக்கு எதிரான வழக்கில் இவருடைய சுவரே எல்லை தாண்டி நின்றது.

அடுத்து கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்து, ஆளை விட்டு மூன்று இடத்தில் குழி. எல்லாம் இவர் நிலத்தில், இரண்டடிக்கு இரண்டடி, நான்கு அல்லது நான்கரை அடி ஆழம். கூட ஒரு கட்டடப் பொறியாளரை நிறுத்தினோம். வேர் தட்டுப்படும்போதெல்லாம் மண்ணைக் கையால் விலக்கி, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தோம். மேலவீட்டு அம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லி, அவர் மகன் வந்து பார்த்தார். எதிர்த் தரப்பு பார்த்திருக்கத் தோண்டிய குழிக்கு இருக்கும் மதிப்பே தனி.

சுவரடிக் குழியில் சந்தேகமே இல்லை. மணிக்கட்டுத் தடிமனில் ஒரு வேர் சுவரின் அஸ்திவாரத்துக்கு அடியில் புகுந்து அதை மேலே நெம்பிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த அஸ்திவாரத்தின் ஆழம் ஒரே அடி. கரிசலில் ஓரடி அஸ்திவாரத்தில் ஐந்தடிச் சுவர் வேர் இல்லாவிட்டாலும் எத்தனை நாளைக்கு நேராக நின்றிருக்கும் என்று பொறியாளர் கேட்டார்.

இரண்டாவது குழி குளியலறைக் கழிவுக் குழாயின் மேல். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் எல்லோரும் எதிர்பார்க்காதது அங்கேதான் தெரிந்தது. வீடு புதிதாக இருந்தாலும் அந்தக் குழாய் பழைய வீட்டுக்காலத்துச் சிமெண்டுக் குழாய். செலவு மிச்சம் என்று அப்படியே விட்டுவிட்டார். குழாயின் நடுப்பகுதியில் ஒரு கீறல்கூட இல்லை. வேர் முழுக்க மூட்டில்தான். கலவை உதிர்ந்துபோன மூட்டைச் சுற்றி, தேங்காய் நாரைச் சுருட்டி வைத்தது மாதிரி மெல்லிய வேர்கள் கெட்டியாகப் பின்னியிருந்தன. அதற்கு ஓரடி தள்ளியிருந்த நல்ல மூட்டில் ஒரு வேர்கூட இல்லை. அந்த இடத்து மண் மட்டும் கோடை வெயிலிலும் ஈரமாக, கறுத்துப்போய், நாற்றத்தோடு இருந்தது. வேர் நல்ல குழாயை உடைத்துக்கொண்டு உள்ளே போவது அபூர்வம். கசிவு இருக்கிற இடத்துக்கு ஈரத்தைத் தேடி வருகிறது, வந்தபின் மூட்டை இன்னும் அகலமாக்கி அடைத்துவிடுகிறது. அப்படியானால் அடைப்புக்கு வேரும் காரணம், கசியவிட்ட குழாயும் காரணம். இவர் கேட்ட குழாய்ச் செலவு அந்தக் குழியிலேயே பாதியானது.

மூன்றாவது குழி படுக்கையறை மேல்சுவரின் அஸ்திவாரத்தை ஒட்டி. நான்கரை அடியில் நூல் போல சில வேர்கள் மட்டும் இருந்தன. மண் வறண்டு, விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. இங்கே வேர் எதையும் தள்ளவில்லை. கரிசல் மண் ஈரம் போனால் சுருங்கும், ஈரம் ஏறினால் உப்பும். பெரிய மரம் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும்போது சுருக்கம் அதிகமாகி, அந்த மூலை அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கும். விரிசல் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தது இந்தக் கதைக்குப் பொருந்தியது. (கூரைத் தளத்துக்குக் கீழே படுக்கைவாட்டில் ஓடும் விரிசல் வேறு வகை. அது பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. அதற்கு மரத்தைக் குற்றம் சொல்லி வருபவர்களும் உண்டு.)

பொருந்துகிறது என்பதால் நிரூபணம் ஆகிவிடாது. அதனால் பொறியாளர் ஒரு எளிய வேலை கொடுத்தார். விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, மாதத்தில் ஒரு நாள் அதே இடத்தில் அகலத்தை அளந்து, தேதியைச் சுவரிலேயே எழுதி வைக்க வேண்டும். வீட்டின் கீழ்ப்பக்கம், மரமே இல்லாத அறையில் இருந்த சின்ன விரிசலிலும் அதேபோல் செய்யச் சொன்னார். இந்த இரண்டாவது கோடுதான் முழு வழக்கின் போக்கையும் மாற்றியது.

மே மாதம் மேல்பக்கத்து விரிசல் 4 மில்லிமீட்டர். ஆகஸ்டில் 5. வடகிழக்குப் பருவமழை கொட்டி முடித்து, டிசம்பர் கடைசியில் அளந்தபோது 1.5. கோடையில் விரிந்து மழையில் மூடுகிறது, அதனால் மண்தான் அசைகிறது என்பது உறுதி. ஆனால் மரம் இல்லாத கீழ்ப்பக்கத்து விரிசலும் 3லிருந்து 3.5 ஆகி, டிசம்பரில் 1.5க்கு வந்திருந்தது. மேல்பக்கம் அசைந்தது மூன்றரை, கீழ்ப்பக்கம் அசைந்தது இரண்டு. அந்த இரண்டைக் கரிசலும் ஆழம் போதாத அஸ்திவாரமும் மரமே இல்லாமல் செய்திருக்கின்றன. மிச்ச ஒன்றரையில் மரத்துக்குப் பங்கு இருக்கலாம், அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன் என்று பொறியாளர் எழுத்தில் கொடுத்தார். குறுக்கு விசாரணையில் இந்த ஒரு வாக்கியம் போதும், படுக்கையறைக்கான கோரிக்கை நிற்காது.

அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். மரத்தைத் தூரோடு அகற்ற வேண்டும் என்பதுதான் கீழவீட்டுக்காரரின் பெரிய கோரிக்கை. மரம் வீட்டுக்கு முந்தியது என்பது இங்கேதான் வேலை செய்கிறது. 2011ல் அஸ்திவாரம் போட்டபோதே அந்த மண், கால் நூற்றாண்டுக்கு மேலாக மரம் உறிஞ்சி வறண்டு சுருங்கியிருந்த மண். வீடு அந்த வறண்ட நிலையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மரத்தை ஒரே நாளில் எடுத்துவிட்டால், உறிஞ்ச ஆள் இல்லாமல் ஈரம் மெல்ல மெல்லத் திரும்பி ஏறும். கரிசல் உப்பும். அடுத்த சில மழைக்காலங்களில் மேல்சுவர் மேலே தூக்கப்பட்டு, இதுவரை வராத புது விரிசல்கள் வரலாம். வீடு முந்தி, மரம் பிந்தி என்றிருந்தால் இந்தப் பயம் குறைவு. இவர் விஷயத்தில் அது நேர் எதிர். வழக்குப் போட்டு ஜெயித்து, மரத்தைச் சாய்த்து, அதனாலேயே சொந்த வீட்டைப் பிளக்கவைத்திருப்பார்.

குழியும் கோடும் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்த மாதங்களில் சட்டப் பக்கத்தையும் சும்மா விடவில்லை. முதல் மாதமே பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அறிவிப்பு அனுப்பினோம். வெட்டுவதற்கு அறிவிப்பு தேவையில்லை என்றாலும், பணம் கேட்பதற்கு அது முதுகெலும்பு. தன் மரத்தின் வேரால் சேதம் ஆகிறது என்று தெரிந்த பிறகும் நியாயமான அவகாசத்துக்குள் ஒன்றும் செய்யாமல் இருந்தார் என்று காட்டினால்தான் பொறுப்பு இறுகும். தெரிவிக்காமலே இருந்துவிட்டு, பத்து வருஷத்துச் செலவையும் ஒரே நாளில் கேட்டால் எந்த நீதிபதியும் புருவத்தை உயர்த்துவார். காலவரம்பு பெரிய சிக்கல் இல்லை. வேர் உள்ளே இருக்கும்வரை அது தொடரும் தவறு, 1963ம் வருஷத்துக் காலவரம்புச் சட்டத்தின் 22ம் பிரிவுப்படி காலம் ஒவ்வொரு கணமும் புதிதாக ஓடத் தொடங்கும். ஆனாலும் பழைய செலவுகளுக்கு மூன்று வருஷத்துக்கு மேல் பின்னோக்கிப் போவது கடினம்.

நடுவில் யாரோ அவரிடம், கோட்டாட்சியருக்கு மனுப் போட்டால் மரத்தையே வெட்டச் சொல்லிவிடுவார் என்று சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு வழி உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 152. விழுந்து அக்கம்பக்கத்தாருக்கோ வழிப்போக்கருக்கோ காயம் உண்டாக்கும் நிலையில் இருக்கும் மரத்தை அகற்றவோ, முட்டுக் கொடுக்கவோ நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். அடிமரம் பொந்தாகி, காளான் பூத்து, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் மரத்துக்கு அது சரியான, வேகமான வழி. இந்த வேம்பு தட்டினால் கெட்டியாகக் கேட்கும் நல்ல மரம். சருகு விழுகிறது, சுவர் சாய்கிறது என்பதற்கெல்லாம் அந்தப் பிரிவு உதவாது. வேண்டாம் என்று தடுத்தேன். இவர் முதலில் நினைத்தபடி நான்கடியில் வேரை வெட்டியிருந்தால், அதே பிரிவில் அந்த அம்மா மனுப் போடும் நிலை வந்திருக்கும்.

உரிமையியல் நீதிமன்றம்தான் முறையான இடம். வேரையும் கிளையையும் அகற்றக் கட்டாய உறுத்துக்கட்டளை, இனிமேல் வராமல் தடுக்க நிரந்தர உறுத்துக்கட்டளை, அதோடு நஷ்ட ஈடு. இவர் முதலில் எழுதிக்கொண்டு வந்த தொகை 4,80,000 ரூபாய். அதற்கு நூற்றுக்கு மூன்று வீதம் 14,400 ரூபாய் நீதிமன்றக் கட்டணம் மட்டும். குழி மூன்றும் பேசியபிறகு அந்தத் தொகையில் உறுதியாக நிற்கக்கூடியது அரை லட்சத்தைத் தாண்டாது என்று அவரிடம் சொன்னேன். கசப்பாக இருந்திருக்கும். ஆனால் பென்சில் கோட்டைப் போட்டது அவரேதான், அதனால் மறுக்கவில்லை.

பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு மேலவீட்டுக்கே போனேன். மரத்தடியில் ஒரு சின்னக் கல், மஞ்சள் துணி சுற்றியிருந்தது. வருஷா வருஷம் பங்குனியில் துணி மாற்றிப் பொங்கல் வைப்பார்களாம். அம்மா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"கிளைய வெட்டிக்க தம்பி, நான் வேணாங்கல. அவுக வச்ச மரம், தூர்ல மட்டும் கை வைக்காத."

"தூர்ல வைக்கல சின்னம்மா" என்றார் இவர். பதினைந்து வருஷத்தில் அவர் அந்த முற்றத்துக்குள் வந்தது அதுதான் மூன்றாவது முறை என்று அந்த அம்மாவின் மகன் அப்புறம் சொன்னார்.

வழக்குப் போடாமலே தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்தோம். அங்கே கட்டணம் கிடையாது. மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதினால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. பக்கத்து வீட்டு வாய்வார்த்தை ஒப்பந்தம் அடுத்த தலைமுறையில் மறந்துபோகும். வீடு கைமாறினால் பேசியதற்குச் சாட்சியே இருக்காது. அதனால் இதை எழுத்தில் கொண்டுவருவதில் பிடிவாதமாக இருந்தேன்.

எழுதியது இதுதான். எல்லை தாண்டிய கிளைகளை அந்த அம்மா செலவில், மரம் ஏறத் தெரிந்த ஆளை வைத்துத் தை மாதத்தில் கழிப்பது. ஒரே வருஷத்தில் தலையில் கால்பங்குக்கு மேல் எடுப்பதில்லை. பெரிய கிளைக்கு அடியில் முதலில் ஒரு வெட்டு, கொஞ்சம் தள்ளி மேலிருந்து ஒரு வெட்டு, கடைசியில் மிச்ச முண்டை அடிமரத்தை ஒட்டிய கழுத்துக்கு வெளியே சுத்தமாக அறுப்பது. நேராக ஒரே வெட்டாக வெட்டினால் கிளை தன் எடையிலேயே முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு வரும். அந்தப் புண் வழியாகத்தான் மரம் உளுக்கும். விறகு அந்த அம்மாவுக்கு. சந்தில் உதிரும் வேப்பமுத்தும் அவருக்கே, பொறுக்க வரும்போது கேட்டை இவர் திறந்துவிட வேண்டும்.

வேருக்குப் பள்ளம் எல்லையில் இல்லை. இவர் நிலத்துக்குள் நான்கரை அடி தள்ளி, அதாவது மரத்திலிருந்து எட்டரை அடியில், வீட்டுச் சுவருக்கு ஒன்றரை அடி முன்னால். மூன்றடி ஆழம், இருபது அடி நீளம். கையால் தோண்டி, தட்டுப்பட்ட வேரை ரம்பத்தால் நறுக்கி, தடித்த பிளாஸ்டிக் தகட்டை நிறுத்தி, மறுபடி மண்ணைத் தள்ளி மூடுவது. வடபாதி பத்தடி இந்த வருஷம், தென்பாதி பத்தடி அடுத்த மழைக்குப் பிறகு. தன் நிலத்தில் நான்கரை அடியை வேருக்கு விட்டுக்கொடுக்க இவர் முதலில் சங்கடப்பட்டார். எல்லையில் வெட்டும் உரிமை அவருக்கு இன்னும் இருக்கிறது, அதை இப்போது பயன்படுத்தவில்லை என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்த பிறகு ஒத்துக்கொண்டார்.

சாய்ந்த பத்தடிச் சுவரை இடித்து, சரியான எல்லையில் கட்டுவது. வேர் போகும் இடத்தில் அஸ்திவாரம் போடாமல், இரண்டு பக்கமும் ஆழமான தூண் நிறுத்தி, மேலே லிண்டல் போட்டு, அதன் மேல் சுவர். வேர் பாலத்துக்கு அடியில் ஓடும் தண்ணீர் மாதிரி போய்க்கொள்ளும். மதிப்பீடு 42,000 ரூபாய், ஆளுக்குப் பாதி. கழிவுக் குழாயைப் பி.வி.சி.க்கு மாற்ற 24,000, அதிலும் பாதி. ஆக அந்த அம்மா கொடுக்க வேண்டியது 33,000, மூன்று தவணையில். படுக்கையறைக்குப் பணம் இல்லை. தென்கோடியில் நான்கு அங்குலம் உள்ளே போயிருந்ததற்காக அவரும் எதுவும் கேட்கவில்லை.

இதை வாசித்துவிட்டு எல்லா மரத்துக்கும் அப்படியே பொருத்திவிட வேண்டாம் என்று ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை விட்டுவைப்பதில் ஒரு நியாயமும் இல்லை. அது விரல் தடிமனில் இருக்கும்போதே போக வேண்டும். பனை என்றால் வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. செம்மண்ணில் நிற்கும் வீட்டுக்கு இந்தச் சுருக்கம், உப்பல் கதை பெரும்பாலும் பொருந்தாது. அங்கே வேர் நேராக நெம்புகிறதா, குழாய் கசிகிறதா என்று பார்த்தால் போதும்.

தை மாதம் கிளை கழித்தாயிற்று. வடபாதிப் பள்ளத்தில் மூன்று வேர்கள் கிடைத்தன, பெரியது கட்டைவிரல் தடிமன். சுவர் பங்குனிக்குள் எழும்பிவிட்டது. பழைய குழாயைத் தோண்டி எடுத்தபோது அந்த ஒரு மூட்டைத் தவிர இன்னும் இரண்டு மூட்டுகளும் கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. அந்த இரண்டிலும் வேர் இன்னும் வந்து சேரவில்லை.

போன வாரம் கீழவீட்டுக்காரர் சுவரின் படத்தை அனுப்பினார். பென்சில் தேதிகள் வரிசையாக ஜன்னல் மேல் வரை ஏறிவிட்டன. இந்த மே மாதம் மேல்பக்கத்து விரிசல் 3. போன மே மாதம் 4. ஒரு வருஷத்து அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது, கோடை மழை ஒன்று கூடுதலாகப் பெய்திருந்தாலும் இவ்வளவு வித்தியாசம் வரும் என்று பதில் எழுதினேன். தென்பாதிப் பள்ளம் தோண்டும் வரை அளந்துகொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.